அப்ரைசல் படிவத்தில் "உதவினேன்" என்று எழுதும் முன்

ஆண்டு முடிவில் செல்ஃப் அப்ரைசல் படிவம் வரும். சிலர் "கணக்குப் பிரிவையே மாற்றியமைத்தேன்" என்று எழுதுவார்கள். சிலர் "குழுவுக்கு உதவினேன்" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: செய்த வேலை விவரமாக நினைவில் இல்லை. அந்தக் காலி இடத்தை ஒருவர் பெரிய சொல்லால் நிரப்புகிறார், இன்னொருவர் காலியாகவே விடுகிறார்.

தன்னைப் புகழ்வது தகாது என்று வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி. புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தகும் என நன்னூல் நான்கு இடங்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில். அப்ரைசல் அந்த இடம்தான்.

1. படிவத்தைத் திறக்காதீர்கள். முதலில் நீங்கள் அனுப்பிய மெயில்களை மாதவாரியாகப் புரட்டுங்கள். நினைவை மட்டும் நம்பினால் கடைசி இரண்டு மாத வேலைதான் வரும்.

2. வினைச்சொல்லைச் சரிபாருங்கள். கணக்குப் பிரிவில் பில் சரிபார்க்கும் ஒருவர் முதலில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"மாதக் கணக்கு முடிப்பதை விரைவுபடுத்த உதவினேன்."

இதில் அவர் யோசனை சொன்னாரா, வேலையைச் செய்தாரா, கூட இருந்தாரா? தெரியவில்லை. "செய்யப்பட்டது" என்று எழுதினால் ஆளே காணாமல் போய்விடுகிறார். "நாங்கள்" வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, அதில் "நான்" எது என்று கேளுங்கள்.

3. முன்பு, பின்பு, வேறு யார். இந்த மூன்றையும் சேர்த்து எழுதினால்:

"ஏப்ரலில் கணக்கு முடிக்க 7 வேலைநாள் ஆனது. ஸ்டோர்ஸிலிருந்து சரக்கு வரவுச் சீட்டுகள் மாதக் கடைசியில் மொத்தமாக வந்ததே காரணம். வாரம் ஒருமுறை வாங்கலாம் என்று நான் முன்மொழிந்தேன், சரிபார்க்க எக்செல் தாளும் தயாரித்தேன். ஸ்டோர்ஸ் பிரிவினர் ஒத்துழைத்ததால் அக்டோபரிலிருந்து 4 நாளில் முடிகிறது."

"சிறப்பாக", "அயராது" எதுவும் இதில் இல்லை. ஸ்டோர்ஸுக்கு உரிய பங்கைக் கொடுத்ததாலேயே மீதி இவருடையது என்பது தெளிவாகிறது. எண் கிடைக்காவிட்டால் கற்பனை செய்யாதீர்கள். என்ன மாறியது என்று மட்டும் சொல்லுங்கள்.

4. பக்கத்து சீட் சோதனை. உங்களுடன் வேலை செய்தவர் இதைப் படித்தால் "அது நானில்லையா செய்தேன்?" என்பாரா? அப்படியென்றால் மிகை. "இவ்வளவுதான் எழுதினாயா?" என்பாரா? அப்படியென்றால் குறை.

5. உங்கள் தவறு ஒன்றையும் எழுதுங்கள். "அதிகம் உழைப்பதே என் பலவீனம்" என்ற பழைய தந்திரம் வேண்டாம், படிப்பவர் சிரிப்பார். நடந்த ஒன்றை எழுதுங்கள்: "ஜூலையில் ஒரே பில்லுக்கு இருமுறை பணம் அனுப்பிவிட்டேன். மறுநாளே கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றோம். இப்போது பில் எண் ஏற்கெனவே இருந்தால் எக்செல் தாளில் அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும்." மன்னிப்புக் கடிதமாக நீட்ட வேண்டாம், மூன்று வாக்கியம் போதும்.

சுயமதிப்பெண்ணைக் கடைசியில் போடுங்கள். பல நிறுவனங்களில் அதை உங்கள் மேலாளர் மற்ற மேலாளர்கள் முன் நியாயப்படுத்த வேண்டியிருக்கும். அங்கே அவர் அப்படியே வாசிக்கக்கூடிய வரிகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.