கேரம் போர்டில் ஒரு கேமரா ஸ்லைடர்: 3 காயின், ஒரு பலகை, ஒரு பம்பரக் கயிறு

எங்கள் அத்தை ராயபுரத்தில் சாயங்காலம் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், கடை போடுகிறார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க ஒரு வீடியோ வேண்டும் என்றார். தட்டு நிறைய அத்தோ, மேலே உடைத்துப் போட்ட மொறுமொறு பேஜோ, கேமரா பக்கவாட்டில் மெல்ல நகர வேண்டும். அவ்வளவுதான் கேட்டது. கையில் பிடித்து எடுத்தேன், கப்பலில் உட்கார்ந்து எடுத்த மாதிரி வந்தது. பழைய பொம்மைக் காரின் சக்கரங்களைப் பலகையில் மாட்டித் தரையில் ஓட்டினேன். மொசைக் தரையின் ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு மணல் துகளும் வீடியோவில் தெரிந்தது.

சக்கரத்தை விட்டுவிடுங்கள். சின்னச் சக்கரம் வழியில் கிடக்கும் எல்லாவற்றையும் ஏறி இறங்கும். நமக்குத் தேவை உருள்வது இல்லை, வழுக்குவது. வடசென்னை வீட்டில் அதற்கென்றே ஒரு பொருள் பரண்மேல் தூங்கிக்கொண்டிருக்கும்: கேரம் போர்டு. (2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வீராங்கனை காசிமா 3 தங்கம் வாங்கிய பிறகு எங்கள் தெருவில் பல போர்டுகள் பரணிலிருந்து இறங்கிவிட்டன. அப்படி இறங்கியதுதான் எங்களுடையதும்.) ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம், சுற்றிலும் நேரான பார்டர் கட்டை. தளமும் தண்டவாளமும் ஒரே பொருளில் கிடைத்துவிட்டது.

தேவையானவை

சுமார் 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில் வளையாத மரப்பலகை ஒன்று. ஓரம் தேயாத 3 கேரம் காயின். இரண்டு டியூப்பைக் கலந்து ஒட்டும் எபாக்சி பசை. பம்பரக் கயிறு. காலியான தையல் நூல் ரீல் ஒன்று, அதற்கு ஒரு ஆணி. சதுரமான பிளாஸ்டிக் டப்பா, அதில் 1 கிலோ அரிசி. இரண்டு ரப்பர் பேண்ட். போர்டில் தூவ போரிக் பவுடர்.

பிளாஸ்டிக் கட்டிங் போர்டைப் பலகையாக எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். அந்த வகை பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, காலையில் தூக்கினால் காயின்கள் அப்படியே கீழே உட்கார்ந்திருக்கும். உடனே ஒட்டும் பசையும் வேண்டாம். எபாக்சி மெதுவாக இறுகும், அந்த மெதுவுதான் நமக்குத் தேவை. ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

காயின்களை ஒட்டுவது

ஏன் 4 காயின் இல்லாமல் 3? நான்கு கால் ஸ்டூல் ஆடும், மூன்று கால் ஸ்டூல் ஆடாது. பரப்பு கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலும் மூன்று காலும் எப்போதும் தரையைத் தொடும். நான்காவது காயினை வைத்தால் ஏதாவது ஒன்று அந்தரத்தில் நிற்கும், நகரும்போது டக் டக் என்று மாறி மாறி உட்காரும்.

போர்டின் ஒரு பார்டர் கட்டையை ஒட்டி ஒரு காலண்டர் தாளை விரியுங்கள். பசை போர்டில் ஒட்டாமல் இருக்கத்தான். இரண்டு காயின்களைக் கட்டையைத் தொடும்படி வையுங்கள், இடையே சுமார் 25 செ.மீ. இடைவெளி. மூன்றாவது காயினை அந்த இரண்டுக்கும் நடுவே, எதிர்ப்பக்கம் 15 செ.மீ. தள்ளி வையுங்கள். மூன்றின் தலையிலும் பசை. கட்டைக்கும் பலகையின் நீளமான விளிம்புக்கும் இடையே ஒரு பென்சில் கனத்துக்கு இடைவெளி இருக்கும்படி பலகையை மேலே இறக்குங்கள். அரிசி டப்பாவை வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

இப்படிச் செய்வதில் இரண்டு லாபம். பசை இறுகும்வரை காயின்கள் போர்டின்மேலேயே படுத்திருப்பதால் மூன்றும் ஒரே மட்டத்தில் இறுகிவிடும், உங்கள் கை எவ்வளவு கோணலாக இருந்தாலும். அப்புறம், பென்சில் கனத்துக்குப் பலகை உள்ளே போய்விட்டதால் இரண்டு காயின்களும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் வட்ட விளிம்பு மட்டும்தான் கட்டையில் உரசும். அந்த இரண்டு காயினும் காலாகவும் இருக்கும், வழிகாட்டியாகவும் இருக்கும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கட்டையை வைத்து நடுவில் பலகையை ஓடவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இறுக்கமாக இருந்தால் சிக்கும், தளர்வாக இருந்தால் ஆடும். அதற்குப் பதிலாக, போர்டின் எதிர்ப்பக்க இரண்டு முனைகளுக்கும் அடியில் இரண்டிரண்டு காயினை அடுக்கிக் கொடுங்கள். ஒன்றரை செ.மீ. சரிவு வரும். பலகை தன் எடையாலேயே வழிகாட்டிக் கட்டையில் சாய்ந்துகொண்டு போகும். சரிவு பயணத்துக்குக் குறுக்காக இருப்பதால் படத்தின் கிடைக்கோடு சாயாது, கேமரா ஒரு டிகிரி அளவுக்கு மேலோ கீழோ பார்க்கும், அவ்வளவே.

என்னை 3 நாள் அலைக்கழித்த ஆணி

கயிற்றை எங்கே மாட்டுவது? நான் வசதிக்காகப் பலகையின் வெளி மூலையில் ஆணி அடித்தேன். வீடியோவில் ஒரு நடுக்கம். பவுடரை மாற்றினேன், கயிற்றை மாற்றினேன், எடையைக் கூட்டினேன். போகவில்லை.

"இன்னாடா, சமையக்கட்டுல கேரம் போர்ட வச்சிக்கினு மூணு நாளா இன்னா பண்ணிக்கினு கீற?" என்று அத்தை கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் கிளிப்பை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். நடுங்கும் இடத்தில் பக்கத்தில் இருந்த டம்ளரும், தூரத்தில் இருந்த கதவு நிலையும் ஒன்றாக, ஒரே அளவுக்குத் துள்ளின. பலகை முன்னும் பின்னும் தடுமாறியிருந்தால் பக்கத்துப் பொருள் நிறையவும் தூரத்துப் பொருள் கொஞ்சமாகவும்தான் துள்ளும். இரண்டும் சமமாகத் துள்ளினால் கேமரா திரும்புகிறது என்று அர்த்தம். வெளி மூலையில் இழுத்ததால் அந்தப் பக்கம் முந்திக்கொண்டு, பின்பக்கக் காயின் கட்டையை விட்டு விலகி விலகி ஒட்டியிருக்கிறது.

ஆணி இருக்க வேண்டிய இடம் பலகையின் முன் ஓரத்தில், அரிசி டப்பாவின் நடுவுக்கு நேர்கோட்டில். எடை எந்தக் கோட்டில் இருக்கிறதோ அந்தக் கோட்டில் இழுத்தால் பலகை திரும்பாது. டப்பாவைத் தள்ளி வைத்தால் ஆணியையும் மாற்ற வேண்டும், அதனால் டப்பாவின் இடத்தைப் பென்சிலால் வரைந்துவிடுங்கள். டப்பா மூன்று காயினுக்கும் நடுவே இருக்கட்டும்.

இழுப்பது

ஆணியில் நூல் ரீலைச் சொருகுங்கள், தாராளமாகச் சுழல வேண்டும். போர்டுக்கு அப்பால் அம்மிக் குழவியை வைத்து அதில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டுங்கள். கயிறு குழவியிலிருந்து வந்து, ரீலைச் சுற்றி, குழவிப் பக்கமே திரும்பி உங்கள் கைக்கு வரும். இப்போது கை 50 செ.மீ. இழுத்தால் பலகை 25 செ.மீ.தான் நகரும். கையின் நடுக்கமும் பாதியாகிவிடும்.

கயிறு நீளக்கூடாது. எலாஸ்டிக், ரப்பர், மீன்பிடித் தங்கூசி எல்லாம் இழுபடும். நின்றிருக்கும் பொருளை நகர்த்த அதிக விசை வேண்டும், நகர்ந்துகொண்டிருக்கும் பொருளுக்குக் குறைவாகப் போதும். நீளும் கயிறு முதலில் இழுபட்டு விசையைச் சேர்த்து வைக்கும், பலகை கிளம்பியதும் ஒரேயடியாகத் துள்ளும், நிற்கும், மறுபடி துள்ளும். முறுக்கிய பருத்திப் பம்பரக் கயிறு எனக்குச் சரியாக இருந்தது. மாஞ்சா நூலை நினைக்கவே வேண்டாம், கையை அறுக்கும், சென்னையில் தடையும் உண்டு.

முதல் அசைவில் ஒரு சின்னத் துள்ளல் எப்படியும் இருக்கும். அதை ஒழிக்க நேரத்தை வீணாக்காதீர்கள். மூலைக் குழிகளை விட்டுவிட்டால் பலகைக்கு 30 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் பயணம் கிடைக்கும். முதல் 3 செ.மீ.யையும் கடைசி 3 செ.மீ.யையும் வெட்டி எறியுங்கள். 25 செ.மீ.யை 8 வினாடியில் கடந்தால் அத்தோ தட்டுக்குப் போதுமான வேகம்.

போன்

போனைப் படுக்கை வாட்டில் டப்பாவோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள், வால்யூம் பட்டன்மேல் பேண்ட் படக்கூடாது. வீடியோ ஸ்டெபிலைசேஷனை அணைக்க முடிந்தால் அணையுங்கள். மெதுவான நகர்வைக் கை நடுக்கம் என்று நினைத்து அது பிடித்து நிறுத்தப் பார்க்கும், முடியாதபோது விட்டுவிடும், படம் தாவும். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள்.

இன்னொன்று. வெறும் தட்டை மட்டும் எடுத்தால் கேமரா நகர்வது தெரியாது, தட்டு நகர்வது போல இருக்கும். நான் ஒரு எவர்சில்வர் டம்ளரை லென்ஸிலிருந்து 15 செ.மீ. தூரத்திலும், தட்டை 45 செ.மீ. தூரத்திலும் வைத்தேன். கதவு 2 மீட்டருக்கு அப்பால். 25 செ.மீ. நகர்வில் டம்ளர் முழு ஃப்ரேமையும் கடந்து வெளியே போய்விடும், தட்டு ஏறக்குறைய பாதி ஃப்ரேம் நகரும், கதவு பத்தில் ஒரு பங்குதான். இந்த வித்தியாசம்தான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

போரிக் பவுடர் தொட்ட கையோடு தட்டைத் தொடாதீர்கள். அது சாப்பிடும் பொருள் இல்லை. போர்டில் வேலை முடித்து, கை கழுவி, பிறகு அத்தோவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். போனின் சார்ஜர் துளையிலும் பவுடர் போகாமல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள்.

பிற்சேர்க்கை: எண்ணூரிலிருந்து ஒருவர், மழை நாளில் பலகை ஒட்டிக்கொள்கிறது என்று எழுதியிருந்தார். கடல் காற்றின் ஈரத்தில் பழைய பவுடர் கட்டியாகிவிடும். மேலே மேலே பவுடரைக் கொட்டினால் இன்னும் மோசமாகும். எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, காயின்களின் அடியையும் துடைத்து, ஒரு சிட்டிகை புதுப் பவுடர் தூவுங்கள். போர்டை வெயிலில் காய வைக்காதீர்கள், பிளைவுட் வளைந்துவிடும். வளைந்த போர்டில் ஸ்லைடரும் ஓடாது, ஆட்டமும் ஆட முடியாது.

இன்னொரு பிற்சேர்க்கை: கேரம் போர்டு இல்லாதவர்கள் கிரானைட் மேடையில் ஒரு நேரான மரச்சட்டத்தை டேப் போட்டு ஒட்டி அதையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். முயன்று பார்த்தேன், ஓடுகிறது. சட்டம் காயினைவிட உயரமாக இருக்க வேண்டும். சாய்வுக்கு மேடையைத் தூக்க முடியாதே, அதனால் கயிற்றைச் சட்டத்தின் பக்கமாக இரண்டு விரல் அளவு சாய்த்து இழுங்கள்.