கெண்டைக்கால், முன்கை, கழுத்து: இந்த மூன்றுக்கும் தனிப் பயிற்சி வேண்டுமா?

ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ், ரோ. இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்தால் போதும், உடம்பு முழுக்க வேலை கிடைத்துவிடும் என்று ஜிம்மில் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கெண்டைக்கால், முன்கை, கழுத்து என்று வரும்போது மட்டும் அந்தப் பேச்சு கொஞ்சம் இழுக்கிறது, அதிலும் மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒன்றுக்குத் தனி வேலை வேண்டும், இன்னொன்றுக்கு ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு வேலை இருக்கிறது, மூன்றாவதுக்கு வேலையே இல்லை, ஆனால் பலருக்கு அது தேவையும் இல்லை.

செந்தூலில் இருக்கும் என் அக்காள் மகனின் அட்டவணையை வைத்தே விளக்குகிறேன். அவன் குடியிருக்கும் கொண்டோமினியத்தின் கீழே ஒரு சின்ன ஜிம். கம்பியும் தட்டுகளும் டம்பெல்லும் இருக்கின்றன, கெண்டைக்கால் மெஷின் இல்லை. திங்களும் வெள்ளியும் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ. புதன்கிழமை டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், கம்பியை மேலிருந்து இழுக்கும் புல்டவுன். "மாமா, கால் குச்சி மாதிரி இருக்கு, கையும் அப்படித்தான், கழுத்துக்கும் ஏதாவது சொல்லுங்க" என்று ஒரே மூச்சில் கேட்டான். கூடவே கையால் அழுத்தும் ஸ்பிரிங் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தான்.

படி 1: அட்டவணையில் எது உண்மையாக அசைகிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு பயிற்சிக்கும் நேராக ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இந்தத் தசை பாரத்தோடு நீண்டு சுருங்குகிறதா, சும்மா இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா, இல்லை இரண்டுமே இல்லையா? அவனுடைய தாளில் முன்கை "இறுக்கிப் பிடிக்கிறது" என்று நாலு இடத்தில் வந்தது. கழுத்து ஒன்றிலும் வரவில்லை. கெண்டைக்கால் ஸ்குவாட்டில் வரும் என்று அவன் நினைத்திருந்தான். இங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது.

படி 2: கெண்டைக்காலுக்கு இடம் ஒதுக்குங்கள்

கெண்டையில் இரண்டு தசைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. வெளியே தெரியும் பருத்த தசை கேஸ்ட்ரோக்னீமியஸ். அது முழங்காலுக்கு மேலே தொடங்கி, கணுக்காலையும் தாண்டிக் குதிகாலில் போய்ப் பிடிக்கிறது. அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் முழங்காலைத் தொடுவதே இல்லை. இப்போது ஸ்குவாட்டில் கீழே இறங்குங்கள். கணுக்கால் மடங்கும்போது வெளித்தசை கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, அதே நேரத்தில் முழங்கால் மடங்குவதால் மேல்பக்கம் தளர்கிறது. கூட்டிக் கழித்தால் அதன் நீளம் பெரிதாக மாறுவதில்லை. எத்தனை கிலோ ஸ்குவாட் போட்டாலும் கெண்டை அவ்வளவாக வளராததற்கு இதுதான் காரணம்.

இதே கணக்குத்தான் உட்கார்ந்து செய்யும் கெண்டைக்கால் மெஷினுக்கும். 2023-ல் வெளியான ஒரு ஆய்வில் 12 வாரம் ஒரு காலுக்கு முழங்காலை நீட்டியும் மறு காலுக்கு மடக்கியும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நீட்டிச் செய்த காலில் வெளித்தசை தெளிவாகக் கூடுதலாக வளர்ந்தது, உள்தசை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆக, ஒன்றே ஒன்று செய்ய நேரம் இருந்தால் நின்றபடி, முழங்கால் நேராக வைத்துச் செய்வதுதான் லாபம். மெஷின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், படிக்கட்டு போதும்.

"பத்துமலைப் படி ஏறினால் போதாதா" என்று கேட்பவர்கள் உண்டு. 272 படி, வேண்டுதலுக்கு நல்லது, மூச்சுக்கும் நல்லது. ஆனால் ஏறும்போது உடம்பைத் தூக்குவது பெரும்பாலும் தொடையும் பிட்டமும்தான், குதிகால் படிக்குக் கீழே முழுசாக இறங்குவதே இல்லை. ஒவ்வொரு படியிலும் கெண்டைக்குக் கிடைப்பது கொஞ்சம் அசைவு, கொஞ்சம் பாரம், அவ்வளவுதான்.

செய்யும் விதம் இது. படியின் விளிம்பில் ஒரு பாதத்தின் முன்பாதியை வையுங்கள், குதிகால் காற்றில் இருக்கட்டும், மற்ற காலைப் பின்னால் மடக்கி ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொள்ளுங்கள் (பிடித்து இழுக்கக் கூடாது). மூன்று நொடி எடுத்துக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். கீழே இழுவிசை நன்றாகத் தெரிகிற இடத்தில் இரண்டு நொடி நில்லுங்கள். அந்த நிறுத்தம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் குதிகால் நாண் ஸ்பிரிங் மாதிரி. நிறுத்தாமல் துள்ளினால் அதுவே உங்களைத் தூக்கிவிடும், தசைக்கு வேலை மிச்சம். அப்புறம் கட்டைவிரல் பக்கம் அழுத்தி மேலே ஏறுங்கள். பாரம் சுண்டுவிரல் பக்கம் சரிந்தால் கணுக்கால் வெளியே உருளும். பக்கத்தில் நின்று யாராவது பின்னாலிருந்து வீடியோ எடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

அக்காள் மகன் முதல் நாள் நிறுத்தாமல் துள்ளித் துள்ளி முப்பது போட்டுக் காட்டினான். நிறுத்திச் செய்யச் சொன்னதும் வலது கால் 14, இடது கால் 9. இப்படி வித்தியாசம் வந்தால் பலவீனமான காலில் தொடங்கி, மற்றதற்கும் அதே எண்ணிக்கையை மட்டும் செய்ய வேண்டும். முதல் வாரம் திங்களும் வெள்ளியும் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு செட், அதுவும் இன்னும் மூன்று நான்கு வரும் என்கிறபோதே நிறுத்திவிட வேண்டும். புதிதாக இதைச் செய்பவர் முதல் நாளே முடிந்த மட்டும் போட்டால் மறுநாள் எல்ஆர்டி நிலையத்துப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். மூன்றாம் வாரத்தில் மூன்று செட், இப்போது கடைசி ஒன்று இரண்டு மட்டும் மிச்சம் வைக்கலாம். இரண்டு காலும் 15-ஐத் தொட்டதும் அதே பக்கத்துக் கையில் 5 கிலோ டம்பெல். எண்ணிக்கை 10 பக்கம் விழும், திரும்ப 15 வரை ஏற வேண்டும்.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். தசை எங்கே முடிந்து நாண் எங்கே தொடங்குகிறது என்பது பிறப்பிலேயே வந்தது, அதை எந்தப் பயிற்சியும் கீழே இறக்காது. அவனுக்கு மூன்று மாதத்தில் டேப் அளவு அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஏறியது, நான் அதை நல்ல பலன் என்றேன், அவன் முகம் வேறு சொன்னது. இன்னொன்று: காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலின் பின்பக்கம் விறைப்பாகவோ குத்தலாகவோ இருந்தால் அது தசை வலி இல்லை, நாண் முறையிடுகிறது. பாரத்தைக் குறைத்து, படிக்குக் கீழே இறங்குவதை விட்டுத் தரையிலேயே செய்யுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கவில்லை என்றால் பிசியோவிடம் காட்டுங்கள்.

படி 3: முன்கையில் முதலில் சோதனை, பிறகுதான் பயிற்சி

முன்கை ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. டெட்லிஃப்ட், ரோ, புல்டவுன் எல்லாவற்றிலும் விரல் மடக்கும் தசைகள் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டெட்லிஃப்ட்டின் கடைசி செட்டில் முதலில் தோற்பது முதுகா, கையா?

கை என்றால் உடனே ஸ்பிரிங்கை எடுக்காதீர்கள். நம் ஊர் புழுக்கத்தில் பாதிக் குற்றம் வியர்வையுடையது. ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் உள்ளங்கையையும் கம்பியையும் துடைத்துப் பாருங்கள். அடுத்து, கம்பி உள்ளங்கை நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பிடித்தால் பாரம் ஏற ஏற அது விரல் பக்கம் உருண்டு வரும், தோலும் கிழியும். விரல்கள் தொடங்கும் இடத்திலேயே வைத்துப் பிடித்தால் உருள இடமில்லை. இந்த இரண்டையும் சரிசெய்ததும் அக்காள் மகனுக்குப் பிரச்சினையில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சத்துக்குப் புதன்கிழமை கடைசியில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது, இரண்டு முறை. தொடக்கத்தில் 20 நொடியில் கை நழுவியது. 45 நொடி வந்ததும் டெட்லிஃப்ட்டில் கை முன்னால் தோற்பது நின்றது, அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

மணிக்கட்டில் பட்டை கட்டிக் கம்பியை இழுப்பவர்கள் கவனிக்க: எல்லா செட்டுக்கும் கட்டினால் முன்கைக்குக் கிடைக்கும் இலவச வேலை போய்விடும். மிகக் கனமான செட்டுக்கு மட்டும் வையுங்கள். தோற்றத்துக்காக முன்கை பெருக்க வேண்டும் என்றால், கட்டைவிரல் மேலே இருக்கும்படி டம்பெல்லைப் பிடித்துச் செய்யும் ஹேமர் கர்ல் இரண்டு செட் போதும்.

அந்த ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. இழுக்கும் பயிற்சிகள் வாரம் மூன்று நாள் இருக்கும்போது, அலுவலகத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க அதை அழுத்திக்கொண்டே இருந்தால் முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் வலி வரும். கதவுக் குமிழைத் திருப்பும்போது, பையைத் தூக்கும்போது தெரிகிற வலி. வந்தால் லேசில் போகாது. அவன் ஸ்பிரிங் இப்போது மேசை டிராயரில் கிடக்கிறது.

படி 4: கழுத்தை நீங்களே முடிவு செய்யுங்கள்

டெட்லிஃப்ட் போட்டால் கழுத்தும் தடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. 1997-ல் வெளியான ஒரு ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது: ஒரு குழு 12 வாரம் ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற பெரிய தூக்கல்களை மட்டும் செய்தது, இன்னொரு குழு அவற்றோடு தலையைப் பாரத்துக்கு எதிராகப் பின்னால் சாய்க்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. கழுத்துத் தசை வளர்ந்தது இரண்டாவது குழுவில் மட்டுமே. டெட்லிஃப்ட்டால் பருப்பது தோளையும் கழுத்தையும் இணைக்கும் மேல்முதுகுத் தசை. சட்டைக் காலருக்குப் பக்கத்தில் அது எழும்பி நிற்பதைப் பார்த்துக் கழுத்து என்று நினைத்துக்கொள்கிறோம்.

சரி, எல்லோருக்கும் வேண்டுமா? ரக்பி, மல்யுத்தம், ஜுஜுட்சு விளையாடுகிறவர்களுக்கு வேண்டும். செப்பாங்கில் பந்தயம் ஓடிய பார்முலா ஒன் ஓட்டுநர்கள் கழுத்துக்கென்றே பயிற்சி எடுத்தவர்கள். வளைவுகளில் தலையை நிமிர்த்தி வைத்திருப்பதே அவர்களுக்குப் பெரிய வேலை. மோட்டார்சைக்கிளில் ஷா ஆலம் போய்வரும் அக்காள் மகனுக்கு அந்த அவசியம் இல்லை, ஆசை மட்டும்தான் இருந்தது. ஆசையும் ஒரு காரணம்தான், ஆனால் மெதுவாக.

முதல் மூன்று வாரம் பாரமே இல்லை. நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை அசையாதபடி பாதி பலத்தில் 10 நொடி அழுத்துங்கள். பின்தலையிலும் இரண்டு பக்கங்களிலும் அதே மாதிரி, இரண்டு சுற்று. அப்புறம் பெஞ்சில் மல்லாந்து படுத்து, தலை விளிம்புக்கு வெளியே இருக்க, நெற்றியில் குட் மார்னிங் துண்டை நாலாக மடித்து வைத்து அதன் மேல் 1.25 கிலோ தட்டு. தட்டைக் கையால் பிடித்தபடி முகவாயை மார்பு நோக்கி மெல்லக் கொண்டுவந்து இறக்குங்கள், 15 முதல் 20 வரை, இரண்டு செட். குப்புறப் படுத்துப் பின்தலைக்கும் இதுவே. 20 சுலபமாக வந்த பிறகுதான் 2.5 கிலோ. தலையை ஊன்றி உடம்பை வளைக்கும் மல்யுத்தப் பாலம் புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். கையில் மரமரப்போ மின்சாரம் பாய்வது போன்ற உணர்வோ வந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முன்பே கழுத்து எலும்பில் பிரச்சினை உள்ளவர்கள் தொடங்கும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

படி 5: நேரம் கூட்டாமல் நுழைப்பது

கெண்டைக்காலை பெஞ்ச் பிரஸ் செட்டுகளுக்கு நடுவில் வரும் ஓய்வில் செய்யலாம், மார்பு இளைப்பாறும்போது கால் வேலை செய்யட்டும். ஸ்குவாட்டுக்கு முன்னாலோ நடுவிலோ வேண்டாம், கணுக்கால் களைத்தால் சமநிலை ஆடும். தொங்குவது புதன்கிழமை எல்லாம் முடிந்த பிறகு, ஏனென்றால் முதலில் தொங்கிவிட்டு டெட்லிஃப்ட் போனால் கை அப்போதே தீர்ந்திருக்கும். கழுத்து செய்வதாக இருந்தால் திங்களும் வெள்ளியும் கடைசி ஐந்து நிமிடம். மழையும் நெரிசலும் சேர்ந்து பிந்தி வருகிற நாளில் கழுத்தை முதலில் வெட்டுங்கள், அடுத்து தொங்குவதை. கெண்டைக்கால் ஓய்வு நேரத்தில் நடப்பதால் அதை வெட்டி ஒன்றும் மிச்சமாகாது.