நடுத் துண்டைக் கழித்துப் பார்க்க வைக்காதீர்கள்

புதிதாக சார்ட் போடுபவர்களின் அறிக்கைகளைச் சரிபார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. தலைப்பு விட்டுப்போவது, அச்சில் அலகு இல்லாமல் இருப்பது போன்றவை எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடும். யார் கண்ணிலும் படாமல் தப்பிப் போவது அடுக்குப் பட்டை வரைபடத்தில் நடக்கும் தவறுதான். ஆண்டுக்கு ஒரு பட்டை, அதற்குள் செலவு வகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. மொத்தம் கூடியதா குறைந்ததா என்று காட்ட இது நல்ல வடிவம். உள்ளே இருக்கும் ஒரு வகை மட்டும் எப்படி நகர்ந்தது என்று கேட்டால் திணறிவிடும்.

## முக்கியமான துண்டை நடுவில் மிதக்க விடுவது

ஓர் அறிக்கையில் பார்த்தது இது. எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஐந்து ஆண்டுகள். அடியில் சம்பளம், அதன்மேல் பராமரிப்பு, உச்சியில் மற்றவை. சம்பளம் 120, 134, 151, 163, 180 என ஏறுகிறது. பராமரிப்பு 46, 44, 41, 39, 35 என இறங்குகிறது. "பராமரிப்புச் செலவு தொடர்ந்து குறைகிறது" என்பதுதான் அந்தப் பக்கத்தின் செய்தி.

ஆனால் பராமரிப்புத் துண்டின் மேல்விளிம்பைப் பாருங்கள்: 166, 178, 192, 202, 215. படியேறுவதுபோல் ஏறுகிறது! கண் இயல்பாகப் பின்தொடர்வது விளிம்பைத்தான், தடிமனை அல்ல. கூட்டத்தில் இருந்த ஒருவர், "பராமரிப்பு கூடிக்கொண்டே போகிறதே, ஏன்?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. பக்கத்தில் இருந்தவர் ஒரு காகித ஓரத்தில் முதல் ஆண்டுத் துண்டின் உயரத்தைப் பேனாவால் குறித்து, அதைக் கடைசிப் பட்டைக்கு நகர்த்தி வைத்துப் பார்த்த பிறகுதான் குறைந்திருப்பது தெரிந்தது. சார்ட் செய்ய வேண்டிய வேலையைக் காகிதம் செய்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

அச்சைப் பார்த்துக் கணக்குப் போடலாமே என்பார்கள். சரி, போடுவோம். கிரிட் கோடுகள் 50-க்கு ஒன்று. இடைப்பட்ட உயரத்தைக் கண்ணால் படித்தால் 5 வரை தவறலாம் என்று வைத்துக்கொள்வோம். அடியில் இருக்கும் சம்பளத்துக்கு ஒரே வாசிப்பு போதும். பராமரிப்புக்கு மேல்விளிம்பு ஒன்று, கீழ்விளிம்பு ஒன்று என இரண்டு வாசிப்பு, அப்புறம் கழித்தல். இரண்டிலும் தவறு எதிரெதிர்த் திசையில் போனால், விடையில் 10 வரை பிசகும். 46 என்பது 36 ஆகத் தெரியலாம், 35 என்பது 45 ஆகத் தெரியலாம். உண்மையான குறைவே 11-தான். அது முழுக்க இந்தப் பிசகுக்குள் மறைந்துவிடும். ஐந்து ஆண்டுக்குப் பத்து வாசிப்பு, ஐந்து கழித்தல். யார் செய்வார்கள்?

க்ளீவ்லேண்ட், மெக்கில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: பொதுவான அடிக்கோட்டிலிருந்து எழும் உயரங்களைக் கண் துல்லியமாக ஒப்பிடும், வெவ்வேறு இடத்தில் தொடங்கும் நீளங்களை ஒப்பிடுவதில் சறுக்கும்.

சொல்ல வந்த வகை ஒன்றே ஒன்று என்றால், அதை அடியில் வையுங்கள். எக்செலில், தொடர்களின் பட்டியலில் முதலில் இருப்பதுதான் அடியில் வரும். `Select Data` போய் அம்புக்குறியால் மேலே நகர்த்தினால் போதும். எல்லா வகையும் முக்கியம் என்றால் அடுக்கை விட்டுவிட்டு, வகைக்கு ஒரு சிறு சார்ட் போடுங்கள். பைத்தானின் பாண்டாஸில், `df`-இல் ஆண்டு இன்டெக்ஸாகவும் மூன்று வகைகள் நெடுவரிசைகளாகவும் இருந்தால் ஒரு வரி:

```
df.plot.bar(subplots=True, layout=(1, 3), sharey=True)
```

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. `sharey=True` என்றால் மூன்றுக்கும் ஒரே அளவுகோல்; சம்பளத்தின் 180-க்குப் பக்கத்தில் பராமரிப்பின் இறக்கம் லேசாகத்தான் தெரியும். அதை `False` ஆக்கினால் 46-இலிருந்து 35-க்கு, ஏறக்குறைய கால்வாசி குறைந்தது பளிச்சென்று தெரியும். ஆனால் அப்போது ஒரு கட்டத்தின் உயரத்தை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. அதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

## துண்டுக்குள் எண் எழுதிச் சமாளிப்பது

அப்புறம் அது அட்டவணைதான். நேராக அட்டவணையே போடலாம். மெல்லிய துண்டில் எண் அடங்கவும் அடங்காது.

## நூறு சதவீத அடுக்குக்குத் தாவுவது

இதில் உச்சியும் நேர்கோடாகிவிடுவதால் அடித்துண்டு, மேல்துண்டு இரண்டையும் நன்றாகப் படிக்கலாம். நடுவில் இருப்பது இப்போதும் மிதக்கிறது. அதோடு, பங்கு குறைந்தால் தொகையும் குறைந்தது என்று அர்த்தமில்லை. மற்ற வகைகள் வேகமாக வளர்ந்தாலே பங்கு சுருங்கும்.

## ஆண்டுக்கு ஆண்டு துண்டுகளின் வரிசையை மாற்றுவது

வேண்டவே வேண்டாம்.

## எதிர்க்குறி எண்ணை அடுக்குவது

அது பூஜ்யத்துக்குக் கீழே தொங்கும். பட்டையின் உச்சி அதன்பின் மொத்தத்தைக் காட்டாது.