வாளித் தண்ணீரில் பத்து ரூபாய்க் குற்றி: முறிவுச் சுட்டியை வீட்டில் அளந்த கதை

உயர்தரம் படிக்கும் மருமகனுக்காகக் கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் செய்து பார்த்தது இது. கிணற்றடியில்தான் தொடங்கினோம். வன்னிக் காற்று தண்ணீரை ஒரு நிமிடம் சும்மா இருக்க விடவில்லை, அதனால் வாளியை உள்ளே தூக்கி வந்தோம். நீங்களும் உள்ளேயே செய்யுங்கள்.

மேலிருந்து நேர்குத்தாகப் பார்த்தால் தண்ணீருக்குள் கிடக்கும் குற்றி மேலெழுந்து தெரியும். உண்மை ஆழத்தைத் தோற்ற ஆழத்தால் வகுத்தால் முறிவுச் சுட்டி. உண்மை ஆழத்தை அடிமட்டத்தால் அளந்துவிடலாம். ஆனால் தோற்ற ஆழம்? அங்கே தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. அதற்குத்தான் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

கண்ணாடிக்கு மேலே ஓர் ஈர்க்கைப் பிடித்தால், அதன் விம்பம் அதே அளவு கீழே தெரியும். ஈர்க்கை மேலும் கீழும் நகர்த்தி, அந்த விம்பத்தைக் குற்றி தெரியும் அதே ஆழத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஈர்க்கின் உயரத்தை அளந்தால் போதும்.

அடுக்குவது

குற்றியின் நடுவே மாக்கர் பேனையால் ஒரு கறுப்புக் கோடு இழுத்து, வாளியின் அடியில் வையுங்கள். குற்றியின் மேற்பரப்பிலிருந்து 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். வாளி வாயின் குறுக்கே இரண்டு தடி வைத்து, அதன் மேல் சிறிய கண்ணாடியை, முகம் மேலே பார்க்க, வாயின் பாதியை மறைக்குமாறு வையுங்கள். கண்ணாடி விளிம்பை ஒட்டிக் குற்றி தெரிய வேண்டும். குற்றியின் கோடு விளிம்புக்குச் செங்குத்தாக இருக்கட்டும்.

ஈர்க்கை ஒரு கதிரைக் காலில் கட்டி, கண்ணாடிக்கு மேலே கிடையாக நீட்டுங்கள். நுனி கண்ணாடி விளிம்போடு நிற்க வேண்டும், தாண்டினால் குற்றியை மறைக்கும். பலர் குண்டூசி வைப்பார்கள். எனக்குத் தென்னோலை ஈர்க்குத்தான் பிடிக்கும். நீளமானது, நேரானது, காசும் இல்லை.

நான் தடுக்கி விழுந்த இடம்

நேர் மேலே கண்ணை வைத்தால் ஈர்க்கே தன் விம்பத்தை மறைத்துவிடும். அரை மணி நேரம் விம்பத்தைத் தேடியிருக்கிறேன்! ஒரு கண்ணை மூடுங்கள். மற்றக் கண்ணை விளிம்பின் வழியே இரண்டு விரல் அளவு இடப்பக்கம் நகர்த்துங்கள், பிறகு வலப்பக்கம். ஈர்க்கின் விம்பமும் குற்றியின் கோடும் இரண்டு பக்கத்திலும் முறியாத ஒரே கோடாக ஓட வேண்டும்.

முறிந்தால், கண்ணோடு சேர்ந்து போவதுதான் ஆழத்தில் கிடப்பது. ஈர்க்கின் விம்பம் கண்ணோடு போனால் ஈர்க்கைக் கீழே இறக்குங்கள். எதிர்ப்பக்கம் போனால் உயர்த்துங்கள்.

இரண்டு விரலைத் தாண்டி நகராதீர்கள். சூத்திரம் வருவதே, சிறு கோணங்களில் சைனும் தானும் ஏறக்குறைய ஒன்று என்பதால்தான். சரிவாகப் பார்க்கப் பார்க்கக் குற்றி இன்னும் மேலே வந்துவிடும்.

கணக்கு

எங்களுக்கு ஈர்க்கின் உயரம் 16.1 செ.மீ. வந்தது. 20ஐ 16.1ஆல் வகுத்தால் 1.24.

"மாமா, புத்தகத்தில 1.33 எல்லோ கிடக்கு?"

ஈர்க்கை மூன்று முறை திரும்பக் கட்டினோம். அதே 1.24. பிழை ஈர்க்கில் இல்லை. கண்ணாடி தண்ணீரின் மேல் மட்டத்தில் இல்லை, தடிகளின் மேல், தண்ணீரிலிருந்து 1 செ.மீ. உயரத்தில் இருந்தது. விம்பத்தின் ஆழம் கண்ணாடியிலிருந்து, குற்றியின் தோற்ற ஆழமோ தண்ணீர் மட்டத்திலிருந்து. அந்த 1 செ.மீ.ஐக் கழித்தால் 15.1.

```
n = 20.0 / (16.1 - 1.0) = 1.32
```

உண்மை ஆழத்தையும் கண்ணாடியிலிருந்தே அளந்தால் 21ஐ 16.1ஆல் வகுத்து 1.30 கிடைக்கும். கிட்டத்தட்டச் சரி போலத் தெரிவதால் அந்தப் பிழை பிடிபடாது, கவனம்.

ஈர்க்கின் உயரத்தில் எப்படியும் 2 மி.மீ. முன்பின் இருக்கும். 20 செ.மீ. தண்ணீரில் அதனால் விடை 1.31க்கும் 1.34க்கும் இடையில்தான் ஆடும். 5 செ.மீ. தண்ணீரில் செய்தால் 1.26 முதல் 1.40 வரை ஆடும். ஆகவே கோப்பை வேண்டாம், வாளிதான்.

பிறகு சேர்த்தது: முல்லைத்தீவிலிருந்து ஒருவர், கடல் தண்ணீரில் செய்தும் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். தெரியாதுதான். கடல் தண்ணீருக்கு ஏறக்குறைய 1.34, 20 செ.மீ. ஆழத்தில் குற்றி 1 மி.மீ. மட்டுமே கூடுதலாக மேலெழும். இந்த ஈர்க்கால் அதைப் பிடிக்க முடியாது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நகரும் நுணுக்குக்காட்டி இருந்தால் அதில் பாருங்கள்.

இன்னொருவருக்கு விம்பம் இரண்டிரண்டாகத் தெரிந்ததாம். தடித்த கண்ணாடியில் மேற்பரப்பும் மங்கலாக ஒரு விம்பம் தரும். பளிச்சென்று தெரிவதை எடுங்கள், அல்லது மெல்லிய கண்ணாடிக்கு மாறுங்கள்.