“ததெத்து போயா” எந்தப் பாட்டு? மழலைப் பாட்டைக் கண்டுபிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு வயதுப் பிள்ளை ஒரு பாட்டைக் கேட்டு அடம்பிடிக்கிறது. என்ன பாட்டென்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. ‘பொறுமையாகக் கேளுங்கள்’, ‘அதட்டாதீர்கள்’ என்பவை எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம். விஷயம் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் நடந்ததை வைத்தே பார்க்கலாம். பிள்ளைக்கு இரண்டே கால் வயது. அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளையைப் புள்ளக் காம்பராவில் விட்டுப் போவார். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை, இரவில் போனில் பேசுவார். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் பிள்ளை “ததெத்து போயா, ததெத்து போயா” என்று அழத் தொடங்கும்.

மெய்யெழுத்தை நம்புவது

அப்பாயிக்கு அது “தாத்தா, போயா” என்று கேட்டது. அதற்கு முந்தைய வாரம் வெசாக் போயாவுக்கு டவுனில் கூடு பார்க்கப் போயிருந்தார்கள். லொறியில் பிள்ளைகள் நின்று பக்திப் பாட்டுப் பாடியதைத் தாத்தாவின் தோளில் இருந்து பிள்ளை பார்த்தது. ஆகவே வெசாக் பாட்டுத்தான் என்று முடிவாயிற்று. அழகான முடிவு, முழுப் பிழை.

இந்த வயதில் மெய்யொலிகள்தான் அதிகம் மாறும். நாக்கின் பின்பகுதியால் எழும் ‘க’ முன்னுக்கு வந்து ‘த’ ஆகும். ‘ச’வும் ‘ட’வும் பல பிள்ளைகளின் வாயில் ‘த’தான். ‘ர’, ‘ல’, ‘ள’, ‘ழ’ எல்லாம் ‘ய’ ஆகும், அல்லது காணாமல் போகும். சொல்லின் முடிவில் வரும் ‘ம்’ விழுந்துவிடும். நடுவில் மாட்டிக்கொண்ட குறில் அசையும் விழும். இவ்வளவு மாறினாலும் உயிரொலியும், குறில் நெடிலும், தட்டின் கணக்கும் ஓரளவு நிலைக்கும்.

ஆகவே பிள்ளை சொன்னதைச் சொல்லாக எழுதாமல், முதலில் உயிரை மட்டும் எழுதிப் பாருங்கள். “ததெத்து போயா” என்பது அ–எ–உ, ஓ–ஆ. “தாத்தா போயா” என்றால் ஆ–ஆ, ஓ–ஆ என்று வர வேண்டும். முதல் அசை குறிலாக இருக்கும்போதே தாத்தா தள்ளுபடி. பிறகு ஒவ்வொரு ‘த’வையும் ‘க’, ‘ச’, ‘ட’ என்று மாற்றிப் பாருங்கள். ‘ய’வை ‘ர’, ‘ல’ என்று மாற்றுங்கள். ததெத்து, கதெக்கு, கடெக்கு. போயா, போலா, போலாம். இந்த இடத்தில் காது தானாகத் திறந்துகொள்ளும்: “கடைக்குப் போகலாம்.” போகலாமின் நடுவில் இருந்த ‘க’ குறில் அசை, அதனால் விழுந்துவிட்டது.

போனை எடுத்து ஒவ்வொரு பாட்டாகப் போட்டுப் பார்ப்பது

எத்தனை தடவை சொன்னாலும் இதைத்தான் செய்கிறார்கள். மற்றத் தவறுகளால் நேரம்தான் வீணாகும். இது தடயத்தையே அழித்துவிடும்.

அந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. அப்பா கொழும்பிலிருந்து யூடியூப் இணைப்புகளை அனுப்ப, அம்மா ஒவ்வொன்றாகப் போட்டார். “இதா சாமி?” “ம்ம்.” பாட்டு ஓடும். பத்து விநாடியில் பிள்ளை மறுபடி அழும். “அப்ப இதா?” “ம்ம்.” இந்த ‘ம்ம்’முக்கு ஒரு மதிப்பும் இல்லை. வெளிச்சமான திரையைக் காட்டி ‘இதா’ என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும். அது பாட்டுக்குச் சொன்ன ஆம் இல்லை, போனுக்குச் சொன்ன ஆம். படம் பிடித்துப்போனால் கேட்ட பாட்டையே மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் “கண்டுபிடிச்சாச்சு” என்று படுத்துவிடுவார்கள். மறுநாள் பின்னேரம் அதே அழுகை.

அதைவிட மோசமானது அடுத்து நடப்பது. மூன்று நாள் வெசாக் பாட்டுக் கேட்ட பிள்ளை, “ததெத்து போயா”வை அந்த மெட்டில் இழுத்துப் பாடத் தொடங்கியது. சொல் பழைய பாட்டினுடையது, மெட்டு புதிய பாட்டினுடையது. இனி மெட்டை வைத்துத் தேடினாலும் கிடைக்காது. முதல் நாள் பாடியதைப் பதிந்து வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. பதியவில்லை. போன் கையிலேயே இருந்தது, பாட்டைத் தேடினார்களே தவிர பிள்ளையைப் பதிய யாருக்கும் தோன்றவில்லை.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும். எந்தப் பாட்டையும் போடுவதற்கு முன், பிள்ளை தானாகப் பாடும்போது அரை நிமிடமளவு, மூன்று வெவ்வேறு நேரங்களில் பதிந்துகொள்ளுங்கள். அழும்போது பதிந்தது உதவாது, அழுகை மெட்டை மேலே தூக்கிவிடும். குளிக்கும்போதும் தனியே விளையாடும்போதும் வருவதுதான் சுத்தமானது. மூன்றையும் கேட்டு, மூன்றிலும் மாறாமல் வருவதை மட்டும் எழுதுங்கள். மாறுவது பிள்ளையின் தடுமாற்றம், மாறாதது பாட்டு.

இந்தப் பிள்ளைக்கு வெசாக் பாட்டையெல்லாம் நிறுத்தி, நாலைந்து நாள் விட்டுத்தான் பதிய முடிந்தது. மூன்று பதிவிலும் “போயா”வுக்குப் பின்னால் “தையீத்து” என்று ஒன்று வந்தது. அதையும் எல்லாரும் கேட்டிருந்தார்கள். வெறும் உளறல் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஒரே துண்டு வரிக்கு வரி கடைசியில் வந்தால் அது உளறல் இல்லை, பல்லவிபோல மீண்டு வரும் சொல். தேட வேண்டியது அதைத்தான். ஐ–ஈ–உ. ‘த’வை ‘க’ ஆக்கி, ‘த்து’வை ‘சு’ ஆக்கினால் கை–ஈ–சு. கை வீசு. “கடைக்குப் போகலாம் கை வீசு.”

வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது ஆடி அசைந்து பாடும் மெட்டு. புள்ளக் காம்பராவில் ஆயம்மா அதைக் கைதட்டி வேகமாகப் பாடுவாராம், இரண்டாம் வரியிலிருந்துதான் தொடங்குவாராம்.

கண்டுபிடித்த பிறகும் ‘இதா’ என்று கேட்காதீர்கள். மெதுவாகப் பாடி, வரி முடியுமுன் நிறுத்துங்கள். “கடைக்குப் போகலாம் கை...” என்று விட்டால், சரியான பாட்டாக இருந்தால் பிள்ளை தானே “யீத்து” என்று நிரப்பும். சந்தேகம் இருந்தால் வேண்டுமென்றே வேறொரு பாட்டையும் அப்படியே பாடி நிறுத்திப் பாருங்கள். அதற்கு வாய் திறக்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் முதல் பாட்டு உறுதி. போன் எல்லாம் அதற்குப் பிறகு.

இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்பது

வேலைவிட்டு வந்த அம்மா பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டார். ஒரு கை அம்மாவின் முதுகுப் பக்கம், மறு கை சேலையில். பாட்டின் பாதி கையில் இருக்கிறது என்பது அதனால் தெரியவில்லை. இஸ்தோப்பில் இறக்கிவிட்டதும் இரண்டு கையும் முன்னும் பின்னும் வீசின. சின்னப் பிள்ளைகளின் பாட்டுகளில் பெரும்பாலானவை தட்ட, ஆட, சாய, வீச உண்டானவை. வாய் திருந்துமுன் உடம்பு திருந்திவிடும். இறக்கிவிட்டு, ஓர் எட்டுத் தள்ளி நின்று பாருங்கள்.

மழலையைத் திருப்பிச் சொல்லிக் கேட்பது

“ததெத்து போயாவா வேணும்?” என்று கேட்டால் “இல்ல!” என்று காலை உதைக்கும். உடனே ‘அப்ப அந்தப் பாட்டு இல்லை’ என்று முடிவெடுக்கக் கூடாது. பிள்ளைக்குத் தன் காதில் கேட்பது “கடைக்குப் போகலாம்”தான். வாய்தான் பின்தங்கி நிற்கிறது. நீங்கள் பிழையாகச் சொல்வது அதற்கு நன்றாகவே தெரியும். ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் 1960இல் இதைப் பதிந்திருக்கிறார்கள்: பொம்மை மீனை ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’ என்னாமல் ‘ஃபிஸ்’ என்று சொன்ன ஒரு பிள்ளை, பெரியவர் ‘ஃபிஸ்’ என்றபோது இல்லை என்று மறுத்தது, ‘ஃபிஷ்’ என்றதும் ஒத்துக்கொண்டது. எனவே ஊகித்ததைத் திருத்தமான சொல்லில் சொல்லிக் கேளுங்கள். மறுப்புக்கு அப்போதுதான் அர்த்தம் உண்டு.

முதல் வரிதான் பாட்டின் பெயர் என்று நினைப்பது

பிள்ளைக்குப் பெயர், பிடித்த இடம். சில நேரம் அது பாட்டிலேயே இருக்காது. “இன்னொருக்கா பாடுவமா?” என்று தினமும் கேட்டுவிட்டுப் பாடினால், பிள்ளை “ஒயுத்தா பாத்து” என்று கேட்கும். ஒருக்காப் பாட்டு!

தமிழில் மட்டும் தேடுவது

பஸ்ஸில் ஓடுவது சிங்களப் பாட்டாகவும் இருக்கும். உயிரொலி எதுவும் தமிழில் பொருந்தவில்லை என்றால் பஸ்ஸில் போனவரைக் கேளுங்கள்.

சொல்லே இல்லாத பாட்டும் உண்டு. “திததிததி” என்று இரண்டு சுரத்துக்கு இடையில் ஆடிவிட்டுப் பிறகு கீழே இறங்கினால், பிள்ளை கேட்பது அநேகமாகப் பாண் ஆட்டோவை. சூன் பாண்காரர்கள் பலர் ஒலிக்கவிடுவது பீத்தோவன் 1810இல் எழுதிய ‘ஃபியூர் எலீஸ்’ என்ற பியானோ இசை. அதன் முதல் ஐந்து சுரமும் ஒட்டி நிற்கும் இரண்டு சுரங்கள்தான், மாறி மாறி வரும். பாடியபடி ரோட்டுப் பக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் போனில் பாட்டைப் போட்டுப் பிரயோசனமில்லை, அதற்கு வேண்டியது பணிஸ்.

பிள்ளையின் வாயருகே போனைப் பிடித்துத் தேடுவது

முணுமுணுத்தால் பாட்டைத் தேடித்தரும் வசதி கூகுளில் 2020 முதல் உண்டு. பத்துப் பதினைந்து விநாடி தொடர்ந்து வேண்டும். பிள்ளை நடுவில் மூச்சுக்கு நிற்கும், சுருதியும் நழுவும். பதிவைக் கேட்டு, சொல்லில்லாமல் நீங்களே முணுமுணுங்கள்.

உச்சரிப்பைத் திருத்துவது

கண்டுபிடிக்கும்வரை வேண்டவே வேண்டாம்.

ஆயம்மாவைக் கடைசியில் கேட்பது

பிள்ளை பகல் முழுவதும் இருக்கிற இடம் அது. “என்ன பாட்டுப் பாடுறீங்க?” என்று கேட்டால் “ஒன்னும் பெருசா இல்லம்மா” என்பார். கேள்வியை மாற்றுங்கள்: “தூங்க வைக்கிறப்ப என்ன பாடுவீங்க, சோறு ஊட்டுறப்ப என்ன பாடுவீங்க, அம்மாமார் வர்ற நேரம் என்ன பாடுவீங்க?” கடைசிக் கேள்விக்குத்தான் ‘கை வீசு’ வந்தது. கடைக்குப் போகலாம் என்ற வரிக்குப் பிறகு மலையையும் கொழுந்தையும் வைத்து அவரே கட்டிய இரண்டு வரி வேறு. அவை எந்தத் தேடலிலும் வரா. அவரையே பாடச் சொல்லிப் போனில் பதிந்து, அப்பாவுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.