கழிச்சல் கண்ட கன்றுக்கு உப்புக் கரைசல் கொடுத்த விதம்

ஹட்டன் பக்கம், எங்கள் லயத்து மாட்டுப்பட்டியில் பிறந்து ஒரு கிழமையான கன்று தண்ணீராகக் கழிந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு உடனே படியாமல் சில நொடி அப்படியே நின்றது. கண்ணும் உள்வாங்கியிருந்தது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று புரிந்தது. விரலை வாயில் வைத்ததும் சப்பியது, அதனால் போத்தலில் கொடுக்கத் துணிந்தேன்.

மாட்டு வைத்தியர் தந்த கன்றுக்கான உப்புப் பொடியை, பொடி உறையில் சொன்ன அளவு இளஞ்சூட்டு நீரில் கரைத்து, கன்றை நிற்க வைத்து 2 லீற்றர் மெதுவாகக் குடிக்க விட்டேன். பாலை நிறுத்தவில்லை, கரைசல் மட்டும் கொடுத்தால் கன்று பசியில் மெலிந்துவிடும். ஆனால் இரண்டையும் கலக்காமல், இடையில் 2 மணி நேரம் விட்டேன். குளிருக்குச் சாக்குப் போர்த்தினேன். மறுநாள் கிள்ளிய தோல் சட்டென்று படிந்தது.

சப்பாத, எழும்ப முடியாத கன்றுக்கு மட்டும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கு இரத்த நாளத்தில் சேலைன் ஏற்ற உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.