கல்ஃபுக்குப் போகிற நர்ஸ் தங்கைகளுக்கு: சிவி எழுதுவதற்கு முன் தேதிகளை உட்கார்ந்து எழுதுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இருந்து வாரத்துக்கு ஒருத்தராவது எனக்கு சிவி அனுப்பி "அக்கா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். நான் துபாயில் டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். வருகிற சிவி எல்லாமே பார்க்க அழகாக இருக்கும், நீலக் கோடு, போட்டோ, ஓரத்தில் நட்சத்திரம் போட்ட திறமைப் பட்டியல். ஆனால் அதில் உள்ள தேதியும் கையில் இருக்கும் சர்டிபிகேட்டின் தேதியும் ஒன்றாக இருக்காது. கல்ஃப் லைசென்ஸ் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

அங்கே நடப்பது இதுதான். துபாய், அபுதாபி, சவுதி, கத்தார் என்று எங்கே பதிவு செய்தாலும் உங்கள் பேப்பர்களை டேட்டாஃப்ளோ போன்ற ஒரு சரிபார்ப்பு நிறுவனத்திடம் கொடுக்கச் சொல்வார்கள். நீங்கள் கொடுத்த நகலைப் பார்த்து அவர்கள் முடிவு செய்வதில்லை. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம், பதிவு கொடுத்த நர்சிங் கவுன்சில், வேலை பார்த்த ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு இடத்துக்கும் நேராக எழுதி "இது நீங்கள் கொடுத்ததுதானா, தேதி சரியா" என்று கேட்பார்கள். பதில் பொருந்தினால் ரிப்போர்ட் பாசிட்டிவ். பதிலே வராவிட்டால் சரிபார்க்க முடியவில்லை என்று வரும். மாறிப் பதில் வந்தால் அதையும் அப்படியே எழுதிவிடுவார்கள். அதனால் சிவியில் எந்த வரி எழுதினாலும் அதற்குப் பின்னால் ஒரு பேப்பர், அந்தப் பேப்பருக்குப் பின்னால் போன் எடுத்துப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும்.

முதலில் பெயர்

பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வையுங்கள், பக்கத்தில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிகிரி, கவுன்சில் சர்டிபிகேட். நம் ஊரில் எல்லாருக்கும் இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் "அ. மேரி", டிகிரியில் "மேரி அ", பாஸ்போர்ட்டில் "மேரி அந்தோணி" என்று மூன்று விதமாக இருக்கும். நமக்கு மூன்றும் ஒருத்திதான், ஆனால் இனிஷியல் என்ற பழக்கமே இல்லாத ஊரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு மூன்று பேர். சிவியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் எழுத வேண்டும், எழுத்துக்கு எழுத்து. இனிஷியல் விரிவு மட்டும்தான் வித்தியாசம் என்றால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி ஃபைலில் சேருங்கள். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட்டுத்தான் ஆக வேண்டும்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. இன்டர்வியூவுக்கு விசிட்டில் போகலாம் என்று நினைத்திருந்தால் இதை முன்பே சரி செய்துவிடுங்கள்.

அப்புறம் தேதித் தாள்

சிவி ஃபைலைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டில், படிப்பு முடிந்த மாதத்தில் இருந்து இந்த மாதம் வரை ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள். எங்கே இருந்தேன், எந்தத் தேதி சேர்ந்தேன், எந்தத் தேதி விலகினேன், அதற்கு என்ன பேப்பர் இருக்கிறது. நான்கே கட்டம்தான்.

போன வருஷம் தங்கச்சிமடத்துத் தங்கை ஒருத்தியோடு உட்கார்ந்து இதைச் செய்தேன். அவள் சிவியில் "2018 முதல் 2024 வரை, ஆறு வருட அனுபவம்" என்று இருந்தது. தாளில் எழுதியபோது வேறு மாதிரி வந்தது. ராமநாதபுரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் 2018 அக்டோபர் 1 அன்று சேர்ந்திருக்கிறாள், ஆனால் கவுன்சில் பதிவு கிடைத்தது நவம்பர் 14-இல்தான். பதிவுக்கு முந்தைய ஒன்றரை மாதம் பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்த்த கணக்கில் வராது. 2019 டிசம்பர் 31-இல் அங்கிருந்து விலகினாள். அடுத்து எட்டு மாதம் வேலை இல்லை, பிரசவம். பிறகு 2020 செப்டம்பர் 7 முதல் 2024 ஆகஸ்ட் 31 வரை மதுரையில் டயாலிசிஸ். ஆக, கணக்கில் எடுக்கக்கூடியது பதிமூன்றரை மாதமும், நான்கு வருடத்துக்கு ஆறு நாள் குறைவும். ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் மேல், ஆறு இல்லை.

அவள் பொய் சொல்லவில்லை, வருஷத்தை மட்டும் எழுதினால் இப்படித்தான் கூடிவிடும். அந்த எட்டு மாதத்தை மறைக்கவும் வேண்டாம், "2020 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை, குழந்தை பிறப்பு" என்று ஒரு வரி போதும். எழுதாமல் விட்ட இடைவெளியைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள்.

அனுபவச் சான்றிதழ்: இதில் அவசரப்படாதீர்கள்

அந்தத் தங்கைக்கு மதுரையில் கொடுத்த சான்றிதழில் சேர்ந்த தேதி டிசம்பர் 1 என்று இருந்தது. அவளுக்கோ செப்டம்பர் 7 என்று நல்ல ஞாபகம், ஏனென்றால் குழந்தையை முதன்முதலாக அம்மாவிடம் விட்டுவிட்டுப் போன நாள். எங்கே மாறியது என்று பார்த்தால், அந்த ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கழித்துத்தான் பிஎஃப்பில் சேர்த்திருக்கிறார்கள், ஆபீஸில் இருந்தவர் பிஎஃப் தேதியைப் பார்த்து லெட்டர் அடித்துவிட்டார். 85 நாள் காணாமல் போனது. எனக்கும் இதேதான் நடந்தது, நான் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். தேதி முரண்பாடு என்று திரும்பி வந்து, மறுபடி பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பிஎஃப் இணையதளத்தில் யுஏஎன் நம்பர் போட்டு உள்ளே போய் View, அதில் Service History என்று அழுத்தினால் ஒவ்வொரு வேலைக்கும் சேர்ந்த தேதி, விலகிய தேதி வரும். அதையும் சான்றிதழையும் உங்கள் தேதித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றும் ஒன்றென்றால் நல்லது. இல்லையென்றால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடுங்கள், முதல் சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்டை எடுங்கள். அவள் அந்த இரண்டையும் கொண்டுபோய்க் காட்டியதும் ஒரு வாரத்தில் திருத்திய லெட்டர் கொடுத்துவிட்டார்கள்.

லெட்டர் வாங்கும்போது அங்கேயே நின்று படியுங்கள். ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பதவி, எந்த வார்டு, நாள் மாதம் வருடத்தோடு இரண்டு தேதிகள், முழுநேர வேலை என்ற வார்த்தை, கையெழுத்து போட்டவர் பெயரும் பதவியும், சீல், வேலை செய்கிற போன் நம்பரும் ஈமெயிலும். கடைசியாகச் சொன்னதுதான் சின்ன ஆஸ்பத்திரிகளில் சிக்கல். லெட்டர்ஹெட்டில் ஒரு ஈமெயில் அச்சடித்திருப்பார்கள், அதை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். நீங்களே அந்த முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள், இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் யார் பார்க்கிறாரோ அவருடைய முகவரியைக் கேட்டு லெட்டரில் போடச் சொல்லுங்கள்.

"அனுபவம் குறைகிறது, ஒரு சர்டிபிகேட் ஏற்பாடு செய்து தருகிறேன்" என்று சொல்கிற ஏஜென்ட் வந்தால் எழுந்து போய்விடுங்கள். போலி என்று பதில் வந்தால் அந்த ரிப்போர்ட் உங்கள் பெயரோடு நிற்கும், ஏஜென்ட் பெயரோடு இல்லை. ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் யார் கையிலும் கொடுத்து வைக்காதீர்கள். இந்த நாடுகளுக்குப் போகிற நர்ஸுகளுக்கு 2015 முதல் மத்திய அரசின் இமைகிரேட் இணையதளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே வரும் அறிவிப்புகளை முதலில் பாருங்கள்.

இப்போது சிவி

தேதித் தாள் சரியானால் சிவி ஒரு மணி நேர வேலை. இரண்டு பக்கம் போதும். மேலே பெயர், போன், ஈமெயில், கவுன்சில் பதிவு எண். அப்புறம் வேலை, கடைசியாகப் பார்த்தது முதலில். அதற்குக் கீழே படிப்பு, பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் கார்டுகள். அமெரிக்க இதயச் சங்கத்தின் கார்டு இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் முடியும் மாதத்தையும் எழுதுங்கள்.

வேலைப் பகுதியில்தான் ஆளைத் தெரிய வைக்க வேண்டும். "நோயாளிகளுக்குத் தரமான பராமரிப்பு அளித்தேன்" என்பதில் ஒன்றுமே இல்லை, எல்லார் சிவியிலும் அதுதான் இருக்கிறது. அந்தத் தங்கையிடம் ஒரு நாள் வேலையைச் சொல்லச் சொன்னேன். 12 மெஷின், மூன்று ஷிஃப்ட், ஒரு ஷிஃப்டில் அவள் கையில் மூன்று நோயாளி, ஃபிஸ்டுலாவில் ஊசி போடுவது அவளே, கழுத்து கதீட்டர் டிரஸ்ஸிங், நடுவில் பிபி இறங்கினால் கவனிப்பது. இதையே ஆங்கிலத்தில் நான்கு வரியாக எழுதினோம். முன்பு சிவியில் ஐசியூவில் செய்கிற தொடர் டயாலிசிஸான சிஆர்ஆர்டி என்றும் இருந்தது, தோழியின் சிவியில் இருந்து எடுத்தது. அதை அடித்துவிட்டோம். "நடுவில் பிபி 80/50 ஆகிவிட்டது, என்ன செய்வாய்" என்று இன்டர்வியூவில் கேட்டால் அவளால் சொல்ல முடியும்: நீர் எடுப்பதை நிறுத்தி, காலை உயர்த்தி, சலைன் கொடுத்து, டாக்டரைக் கூப்பிடுவேன். சிஆர்ஆர்டி பற்றி ஒரு கேள்வி வந்தால் வாய் அடைத்துப் போவாள், மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வரும்.

நம் கரையில் சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததை எழுதக் கூச்சப்படுகிறீர்கள், அது தேவையில்லை. பாசி எடுக்கப் போய்ப் பாறையில் கால் கிழிந்து வரும் பெண்கள், திருக்கை முள் குத்திய மீனவர்கள், மூழ்கித் தூக்கி வரப்பட்ட பிள்ளைகள் என்று நீங்கள் முதல் ஆளாகக் கவனித்த அவசர வேலை இருந்தால் அது கேஷுவாலிட்டி அனுபவம். கிட்டத்தட்ட மாதத்துக்கு எத்தனை, அதில் உங்கள் கை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

ஃபைல்

போர்ட்ஃபோலியோ என்று பயப்பட வேண்டாம், பேப்பர்களை ஒரு வரிசையில் அடுக்கிய ஃபைல் அது. செய்த வேலைகளின் எண்ணிக்கையை எழுதிய ஒரு பக்கத்தையும் சேர்த்து, முடிந்தால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். நோயாளி பெயர், ஐபி நம்பர், கேஸ் ஷீட் நகல், புண்ணின் போட்டோ எதுவும் அதில் வரக் கூடாது. அது திறமையைக் காட்டாது, நோயாளியின் ரகசியத்தைக் காக்கத் தெரியாதவள் என்றுதான் காட்டும்.

ஒரிஜினலைக் கலரில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும். போனில் எடுத்த சாய்ந்த படம் திரும்பி வரும். பெயரை இப்படி வையுங்கள்:

```
01_Passport.pdf
02_Degree.pdf
03_Council_Registration.pdf
04_Exp_2020-09-07_2024-08-31.pdf
05_Exp_2018-10-01_2019-12-31.pdf
```

உங்கள் பதிவு நல்ல நிலையில் இருக்கிறது என்று கவுன்சில் கொடுக்கும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழை மட்டும் கடைசியில் வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையதைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், முதலிலேயே வாங்கி வைத்தவர்கள் மறுபடி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பிக்கும் முன் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் ஏற்றிப் பணம் கட்டிய அன்றே பழைய ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு, "என் பெயரில் டேட்டாஃப்ளோவில் இருந்து மெயில் வரும், ஸ்பேமிலும் பாருங்க சார்" என்று சொல்லுங்கள். வாரம் ஒரு முறை கேளுங்கள். அந்தத் தங்கையின் மெயில் நர்சிங் ஹோமில் ஒன்பது நாள் ஸ்பேமில்தான் கிடந்தது, அவள் நேரில் போய் நின்ற பிறகுதான் திறந்து பதில் போட்டார்கள்.